நடுவில் அசையாத கிட்டார் கம்பி: நிலை அலை பற்றிக் கேள்வி பதில்

பிளஸ் ஒன் மாணவர்: எதிரெதிராக ஓடும் இரண்டு அலைகள் சேர்ந்தால் நிலை அலை என்று எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன் சார். ஓடுகிற அலை எப்படி நிற்கும்?

என்னிடம் படித்த ஒரு மாணவிக்கும் இங்கேதான் முட்டியது. சமன்பாட்டைச் சரியாகப் போடுவாள், ஆனால் கம்பியைக் காட்டினால் "இதில எது சார் ஓடுது?" என்பாள். அவள் அண்ணனின் கிட்டாரைக் கொண்டுவரச் சொன்னேன்.

ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ், நீளம் சுமார் 65 செ.மீ. அதன்மேல் அரிசியளவு காகிதத் துண்டுகள் இரண்டை மடித்துக் கவிழ்த்து வைத்தோம். ஒன்று சரிபாதியில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் 12ஆவதுக்கு மேல். மற்றது தலைப்பக்கமிருந்து கால்பங்கில், 5ஆம் ஃபிரெட்டுக்கு மேல். பிறகு மூன்றாம் கம்பியை 2ஆம் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினாள். அது 220 ஹெர்ட்ஸ், ஐந்தாம் கம்பியைப் போல இரு மடங்கு; அந்த அதிர்வெண்ணில் ஐந்தாம் கம்பி இரண்டு பாதியாக ஆடும். ஐந்தாம் கம்பியை யாருமே தொடவில்லை, ஆனாலும் 5ஆம் ஃபிரெட் காகிதம் துடித்தது. நடுக் காகிதம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆட்டம், தலைக்கு எதிர்முனையில கம்பிகளைத் தாங்குற பிரிட்ஜ் வழியாத்தானே வருது? அப்போ அசையாத நடுவைத் தாண்டித்தானே அந்தப் பக்கம் போயிருக்கணும்!"

அவ்வளவுதான் விஷயம். அலைகள் நிற்கவே இல்லை. வினாடிக்கு சுமார் 143 மீட்டர் வேகத்தில் போய், முனையில் தலைகீழாகத் திரும்பி வருகின்றன. முழுச் சுற்றுக்கு 9 மில்லிவினாடிதான் ஆவதால் ஓட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நடுவில் ஒன்று மேலே தூக்கும்போதெல்லாம் மற்றது அதே அளவு கீழே இழுக்கிறது. அதுதான் கணு.

கிட்டார் வாசிப்பவர்: 12ஆம் ஃபிரெட்டில் லேசாகத் தொட்டாலும் கம்பி பாதியாகிவிடுமே. அழுத்துவதும் அதுவும் ஒன்றுதான்.

சுருதி ஒன்றுதான், அதுவரை சரி. ஆனால் அழுத்தினால் பிரிட்ஜ் பக்கப் பாதி மட்டும் ஒலிக்கும். லேசாகத் தொட்டால் இரண்டு பாதியும் ஒலிக்கும், விரலை எடுத்த பிறகும் ஒலி தொடரும். நடுவில் அசைவு தேவைப்படும் ஒலிகளை மட்டும்தான் விரல் அடக்குகிறது.

இன்னொருவர்: என் போன் வீடியோவில் கம்பி பாம்பு மாதிரி நெளிகிறது. அந்தப் பெண் பார்த்தது இதைத்தானே?

இல்லை, அது கேமராவின் வேலை. சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் பதிவதற்குள் கம்பி நகர்ந்துவிடுகிறது. போனைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்துப் பாருங்கள், நெளிவு மாறிவிடும்.

ஒரு அம்மா: பையனின் கிட்டாரில் செய்து பார்த்தோம், காகிதம் அசையவே இல்லை. கம்பி பழசாகிவிட்டதோ?

முதலில் சுருதியைப் பாருங்கள். ஐந்தாம் கம்பியை 12இல் லேசாகத் தொட்டு மீட்டி, மூன்றாம் கம்பியின் 2ஆம் ஃபிரெட்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். ஒலி கூடிக் குறைந்து விம்மினால் சுருதி சேரவில்லை. சேராவிட்டால் காகிதம் அசையாது.

அதே அம்மா: ட்யூனர் வைத்துப் பார்த்தான், சரியாகத்தான் இருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டார்.

அப்போது அதுவே காரணமாக இருக்கலாம். கெட்டியான மரத்தில் பிரிட்ஜ் அசைவது மிகக் குறைவு, அடுத்த கம்பிக்குப் போவதும் அதனால் சொற்பம். காகிதத்தை இன்னும் சிறிதாக வெட்டி, பலமாக மீட்டச் சொல்லுங்கள். அப்படியும் துடிக்காவிட்டால் யாரிடமாவது அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கிப் பாருங்கள்.