டின் மீன்: அப்பாவுக்கு ஒரு டின், மனைவிக்கு வேறு டின்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் டின் மீன் நிறைய கொண்டுவந்திருக்கார். எண்ணெய், உப்புத்தண்ணி, தக்காளி சாஸ் மூணுமே இருக்கு, மத்தியும் டூனாவும். அப்பாவுக்கு பிரஷர், மனைவி நாலு மாசம் கர்ப்பம். யாருக்கு எதைக் கொடுக்கலாம்?

பதில்: அப்பாவுக்கு உப்புத்தண்ணி டூனாவை அலசிக் கொடுங்க. மனைவிக்கு மத்தி, எதில் ஊறியிருந்தாலும் சரி. டாக்டர் தனியாக உப்புக் கணக்கோ பத்தியமோ சொல்லியிருந்தால் அதுதான் முதல், "டாக்டரா நீ?" என்று கேட்க வருபவர்களுக்கும் இதே பதில்தான்.

உப்புத்தண்ணி என்ற பெயரைப் பார்த்து அதைத்தான் பலர் ஒதுக்குகிறார்கள். உண்மையில் உப்பைக் குறைக்க வழியிருக்கும் டின் அது ஒன்றுதான். தண்ணியை வடித்தால் மட்டும் போதாது, உப்பு சதைக்குள் இறங்கியிருக்கும். வடிகட்டியில் கொட்டி, விரலால் உதிர்த்துவிட்டு, குழாயடியில் இரண்டு மூன்று நிமிடம் அலசுங்க. உதிர்க்காமல் கட்டியாக அலசினால் மேல்பக்கம் மட்டும்தான் கழுவப்படும். அலசியதைப் பிழிந்து, சின்ன வெங்காயம், மிளகு, எலுமிச்சை சேர்த்தால் உப்பு இல்லாத குறை தெரியாது. கொழுப்பும் நூறு கிராமுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிராம்தான்.

எண்ணெய் டின்னில் இந்த வேலை நடக்காது. எண்ணெய் பூசிய துண்டில் தண்ணீர் ஒட்டாமல் ஓடிவிடும், உப்பு உள்ளேயே நிற்கும். நன்றாக வடித்த பிறகும் டூனாவில் நூறு கிராமுக்கு எட்டு கிராம் கொழுப்பு இருக்கும். அது பெரும்பாலும் சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெய். விஷம் ஒன்றும் இல்லை, கலோரிதான் ஏறும். மத்தி கதை வேறு. அதற்குச் சொந்தக் கொழுப்பே உண்டு, ஒமேகா-3 இருப்பது அதில்தான். டின் எண்ணெயை வடிக்கும்போது அதில் கொஞ்சமும் கூடவே போய்விடும்.

சாஸ் டின்னில்தான் கணக்கு தவறுகிறது, ஏனென்றால் சாஸை யாரும் கொட்டுவதில்லை, அதுதான் குழம்பாகிறது. தக்காளி சாஸ் மத்தியில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம். 425 கிராம் பெரிய டின் என்றால் 1700. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாள் உச்சவரம்பு 2000. நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 425, அதாவது ஒரு கிராம் உப்புக்குச் சற்று மேல், அதுவரை பரவாயில்லை. ஆனால் புளி கரைத்து, வழக்கம்போல ஒரு டீஸ்பூன் உப்பும் போட்டால் அதிலேயே 2300 மில்லிகிராம் வந்துவிடும். டின்னில் இருந்ததைவிட நாம் போட்டது அதிகம்! சாஸ் டின்னில் குழம்பு வைத்தால் உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, இறக்கும்போது ருசி பாருங்க. அப்பா தட்டில் மீனை வைத்து, குழம்பைக் கரண்டியளவோடு நிறுத்துங்க. தொட்டுக்க கருவாடும் வேண்டாம்.

லேபிளில் "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டிருந்தால் ஒரு டின்னில் எத்தனை பரிமாறல் என்பதையும் பாருங்க. சில டின்களில் இறக்குமதி ஸ்டிக்கரைச் சரியாக அந்த அட்டவணை மேலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். எங்கே ஒட்டக்கூடாதோ அங்கேயே ஒட்டுவதற்கு என்ன பயிற்சி கொடுக்கிறார்களோ.

அடுத்து உங்க மனைவி விஷயம். கர்ப்பத்தில் மீன் என்றால் பார்க்க வேண்டியது பாதரசம். அதற்கு எண்ணெய், தண்ணி, சாஸ் எதுவும் பொருட்டில்லை. மீனில் சேரும் பாதரச வகையான மெத்தில் மெர்க்குரி அதன் புரதத்தோடு பிணைந்திருப்பதால் வடித்தாலும் அலசினாலும் வேகவைத்தாலும் போகாது. என்ன மீன், எவ்வளவு பெரிசு என்பதுதான் பேச்சு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் சராசரிப்படி நூறு கிராம் மத்தியில் ஒன்றேகால் மைக்ரோகிராம், லைட் டூனாவில் பன்னிரண்டு பதின்மூன்று, அல்பகோர் எனப்படும் ஒயிட் டூனாவில் 35. உங்க மனைவி 55 கிலோ என்று வையுங்க. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ.வின் அளவுகோல்படி வாரத்துக்கு 38 மைக்ரோகிராம் வரை போகலாம். ஒயிட் டூனா நூறு கிராமிலேயே ஏறக்குறைய வாரக் கணக்கு முடிந்துவிடும். மத்தியை வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிட்டாலும் அதன் பக்கத்தில்கூட வராது. மத்தி முள்ளையும் எடுக்கச் சொல்லாதீங்க, டின்னில் வெந்து மாவாகியிருக்கும், கால்சியம் அதில்தான்.

இன்னொன்று சொல்லியே ஆகணும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் டின் மீன் என்றால் கர்ப்பிணிக்கு ஆகாது என்று கையைத் தட்டிவிடும் அதே பெரியம்மாக்கள், பிள்ளை பெற்றதும் பால் சுரக்கட்டும் என்று சுறாப்புட்டு கிண்டிக் கொடுப்பார்கள். எஃப்.டி.ஏ. சராசரியில் சுறாவில் நூறு கிராமுக்கு 98 மைக்ரோகிராம்! கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தவிர்க்க வேண்டிய பட்டியலில் அது இருக்கிறது. குட்டிச் சுறாவில் குறைவாக இருக்கும் என்பது சரிதான், ஆனால் புட்டாக உதிர்த்த பிறகு எது குட்டி என்று யார் கண்டார்? பெரிய வஞ்சிரமும் மற்ற மீனைத் தின்று வளரும் சாதிதான். கர்ப்பகாலத்தில் அதையும் அடிக்கடி வாங்க வேண்டாம்.

டூனா டின்னில் ஒயிட், அல்பகோர் என்று எழுதியிருப்பதையெல்லாம் தனியாக எடுத்து அண்ணன் கணக்கில் வைத்துவிடுங்க. எந்த டின்னாக இருந்தாலும் திறந்த பிறகு மிச்சத்தைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடிச்சிடுங்க.