நடந்தது ஒரு தடவை, கணக்கில் ஏறியது இரண்டு தடவை

கேள்வி: எனக்கு 45 வயது. உயரம் 160 செ.மீ., எடை 68 கிலோ. வாரத்தில் ஐந்து நாள் ட்ரெட்மில்லில் 45 நிமிடம் நடக்கிறேன், 3.6 கிலோமீட்டர் வருகிறது. இந்த வேகத்துக்கு 3.5 மெட் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். எடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் 178 கலோரி வருகிறது. மெஷினோ 187 காட்டுகிறது. என் அன்றாடத் தேவை 1,780 கலோரி என்று செயலி சொல்கிறது (அதில் ‘லேசான உடற்பயிற்சி உண்டு’ என்று குறித்திருந்தேன்). நடக்கும் நாட்களில் அதோடு 187-ஐக் கூட்டிக்கொண்டு அந்த அளவுக்குள் சாப்பிடுகிறேன். மூன்று மாதமாகியும் எடை அசையவில்லை. எந்தக் கணக்கு சரி?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் பெருக்கலும் சரி, மெஷினின் பெருக்கலும் சரி. ஆனால் நீங்கள் தேடுவது அந்த இரண்டு எண்ணுமே இல்லை. உங்களுக்குத் தேவையான எண் 125-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு வந்து சேரும் வழியைச் சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி லிட்டர் என்று அதற்கு ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். அதுதான் 1 மெட். நடக்கும்போது அதைப்போல மூன்றரை மடங்கு ஆக்சிஜன் செலவானால் 3.5 மெட். ஆக, மெட் என்பது ஒரு மடங்குக் கணக்கு. கலோரி என்பது அதற்குப் பிறகு நாம் செய்யும் மாற்றம்.

அந்த மாற்றத்தில்தான் 178-ம் 187-ம் பிரிகின்றன. ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி வெளிப்படும். இதை வைத்துக் கணக்கிட்டால் 1 மெட் என்பது ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 1.05 கலோரி. பலரும் கடைசி 5-ஐ விட்டுவிட்டு, ‘ஒரு கிலோவுக்கு ஒரு மணிக்கு ஒரு கலோரி’ என்று சுருக்கிவிடுவார்கள். நீங்கள் செய்தது அந்தச் சுருக்கம்: 3.5 × 68 × 0.75 = 178.5. மெஷின் செய்திருப்பது முழுக் கணக்கு:

```
நிமிடத்துக்குக் கலோரி = மெட் × 3.5 × எடை ÷ 200
3.5 × 3.5 × 68 ÷ 200 = 4.165
4.165 × 45 = 187.4
```

நூற்றுக்கு ஐந்து வித்தியாசம், அவ்வளவுதான். மெட் பட்டியலே பலரிடம் அளந்த சராசரி என்பதால், இந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டியதில்லை. நான் பெரும்பாலும் உங்களைப் போல எளிய பெருக்கலைத்தான் செய்வேன்.

பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 3.5 மெட்டுக்குள் ஓய்வுக்கான 1 மெட்டும் அடங்கியிருக்கிறது. நீங்கள் நடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அந்த முக்கால் மணி நேரத்தில் உடம்பு அதைச் செலவழித்திருக்கும். செயலி சொன்ன 1,780-க்குள் 24 மணி நேரத்துக்குமான ஓய்வுச் செலவு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் முழு 178-ஐ வைத்தால், அந்த 45 நிமிடத்தின் ஓய்வுச் செலவு இரண்டாவது முறை ஏறிவிடுகிறது. அன்றாடத் தேவையோடு கூட்டுவதாக இருந்தால், ஒரு மெட்டைக் கழித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும்: (3.5 − 1) × 68 × 0.75 = 127.5. ஓடுவது போன்ற கடுமையான பயிற்சியில், பத்து மெட்டில் ஒன்று போனால் பெரிதாகத் தெரியாது. நடையில் மூன்றரையில் ஒன்று போகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! நடப்பவர்கள்தான் இந்தக் கழித்தலை மறக்கக் கூடாது.

சரி, அந்தக் கழிக்கிற ‘ஒன்று’ உங்கள் உடம்புக்குப் பொருந்துமா? அவ்வளவாகப் பொருந்தாது. 3.5 மில்லி லிட்டர் என்ற அளவு, 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஒரே ஓர் ஆணிடம் எடுத்த அளவு என்று சொல்லப்படுகிறது. 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 769 பேரை ஓய்வில் வைத்து அளந்தார்கள், சராசரி 2.6 மில்லி லிட்டர்தான் வந்தது. கலோரியில் சொன்னால், ஒரு கிலோவுக்கு ஒரு மணிக்கு 0.84. உங்கள் ஓய்வுச் செலவை மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். பெண்களுக்கு அது இப்படி:

```
10 × எடை + 6.25 × உயரம் − 5 × வயது − 161
680 + 1000 − 225 − 161 = 1294
```

நாளைக்கு 1,294 என்றால் மணிக்கு 54 கலோரி. மெட் கணக்கு உங்களுக்கு 68 என்று எடுத்துக்கொள்கிறது.

இங்கே பலர் அவசரப்பட்டு, ‘அப்படியென்றால் 54-ஐயே 3.5-ஆல் பெருக்கிவிடலாமே’ என்பார்கள். அப்படிப் பெருக்கும் வழக்கமும் உண்டு. நடைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் ஓய்வுச் செலவு குறைவு என்பதால் 68 கிலோவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலை குறைந்துவிடாது. சுமக்க வேண்டிய எடை அதே எடைதான். அதனால் முழுச் செலவை எடை வைத்தே கணக்கிட்டு, கழிக்கும் ஓய்வுப் பங்கை மட்டும் உங்களுடையதாக மாற்றிப் பார்ப்பது மேல். முக்கால் மணிக்கு உங்கள் ஓய்வுச் செலவு 40 கலோரி. 178-ல் 40 போனால் 138.

127 சரியா, 138 சரியா? இதைச் சோதிக்க மெட் பட்டியலை விட்டு வெளியே வரலாம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் அமைப்பின் நடைச் சூத்திரம், சமதளத்தில் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் நகர்த்த 0.1 மில்லி லிட்டர் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை என்கிறது. ஓய்வுச் செலவை அது தனியாக வைத்திருப்பதால் நமக்குக் கழிக்கும் வேலையே இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு 100 மில்லி லிட்டர். அதாவது ஒரு கிலோ எடைக்கு அரைக் கலோரி. உங்கள் எடையில் பாதி 34. அதை 3.6 கிலோமீட்டரால் பெருக்கினால் 122.

எடையில் பாதியைத் தூரத்தால் பெருக்கும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. நேரத்தை வைத்துக் கணக்கிடும்போது, நடுவில் நின்று பேசிய நிமிடங்களும் சேர்ந்துவிடும். தூரத்தில் அந்தத் தவறு நடக்காது. மணிக்கு மூன்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் வேகத்துக்குள், சமதளத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். ட்ரெட்மில்லை 5 சதவீதம் சாய்த்துவிட்டால், உங்கள் வேகத்தில் இந்தக் கூடுதல் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

ஆக, மூன்று வழியில் போனதில் 122, 127, 138 வந்திருக்கின்றன. அளக்கும் கருவி இல்லாமல் இதைவிட நெருக்கமாகச் சொல்ல முடியாது. 125 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கேட்க வேண்டும்: நடக்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறீர்களா? கையில் எடையைச் சாய்த்துக்கொண்டால் கால் சுமப்பது குறையும், ஆக்சிஜன் செலவும் குறையும். மெஷினுக்கு அது தெரியாது, பெல்ட் ஓடிய வேகத்துக்கு வழக்கமான எண்ணையே காட்டும். பிடித்துக்கொள்கிறவர் என்றால் 125-ம் உங்களுக்கு அதிகம்.

இனி அந்த 1,780. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய எண் இதுதான். உங்கள் ஓய்வுச் செலவான 1,294-ஐ 1.375-ஆல் பெருக்கினால் மிகச் சரியாக 1,779 வருகிறது. ‘லேசான உடற்பயிற்சி உண்டு’ என்று குறித்தால் செயலிகள் வழக்கமாகப் பெருக்கும் எண் 1.375. உடற்பயிற்சியே இல்லாதவருக்கு 1.2. அப்படியென்றால் உங்கள் நடை 1,780-க்குள்ளேயே அடங்கிவிட்டது. அதன் மேல் மெஷின் காட்டியதையும் கூட்டியிருக்கிறீர்கள். நடந்தது ஒருமுறை, எண்ணியது இருமுறை. இது உங்கள் கவனக்குறைவு இல்லை. ‘இதற்குள் உங்கள் பயிற்சி சேர்ந்திருக்கிறது’ என்று செயலி அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டில் ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்களுக்குச் சொல்வது, செயலியில் ‘உடற்பயிற்சி இல்லை’ என்று மாற்றுவது. 1,294 × 1.2 என்று 1,553 வரும். நடந்த நாளில் மட்டும் 125-ஐச் சேர்த்தால் 1,678. இதுவரை அதே நாளுக்கு 1,967 என்று வைத்திருந்தீர்கள். கிட்டத்தட்ட 290 கலோரி அதிகம். நடக்காத இரண்டு நாட்களிலும் 227 அதிகம். எடை ஏன் குறையவில்லை என்பதற்கு முதலில் பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 1,553-ம் ஒரு மதிப்பீடுதான். அது எடை குறைவதற்கான அளவு இல்லை, எடை அப்படியே நிற்பதற்கான அளவு. நான்கு வாரம் இதே அளவில் சாப்பிட்டு, தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே நாளில் ஏறி இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சராசரி நிலையாக நின்றால் எண் உங்களுக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். குறைக்க வேண்டியதை அப்புறம் அதிலிருந்து குறைக்கலாம். ஏறினால், உங்கள் உடம்பு சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாகச் செலவழிக்கிறது, அல்லது சாப்பாட்டில் ஏதோ அளவுக்குள் வராமல் போகிறது.

எடை குறையத் தொடங்கியதும் மெஷினில் பதிந்திருக்கும் 68-ஐ மாற்ற மறந்துவிடாதீர்கள். 64 கிலோவுக்கு வந்துவிட்டால் அதே 3.6 கிலோமீட்டருக்குப் பாதி எடைக் கணக்கு 115 கலோரிதான் தரும்.