நேற்றே ஏன் கேட்கவில்லை?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

கோவையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சப்ளையர்கள் ஏற்றிய பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் பட்டியலான GSTR-2B-யுடன் மாதாமாதம் கொள்முதல் பதிவேட்டை ஒப்பிடுவது என் பொறுப்பு. எனக்கு மேலே இருக்கும் அக்காவிடம் எதைக் கேட்டாலும் அவர் முகம் மாறிவிடுகிறது. சென்ற மாதம் புனே சப்ளையர் ஒருவரின் ஆறு லட்சம் ரூபாய் பில் 2B-யில் வரவே இல்லை. வரி மட்டும் ₹1,08,000. பில் 2B-யில் வந்தால்தான் அதை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். அவர்களோ "ஏற்றிவிட்டோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 14-ஆம் தேதியிலிருந்து தேடினேன். 19-ஆம் தேதி மாலை வேறு வழியின்றி அக்காவிடம் சொன்னேன். பெங்களூர் கிளையின் லாகினைத் திறந்து பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த லாகின் எனக்குக் கொடுக்கப்படவே இல்லை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கூலிக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து வரி கட்டியதாக முதலாளிக்கும் என் மேல் கோபம். என்னுடன் சேர்ந்த பையன் தொட்டதற்கெல்லாம் கேட்கிறான், அவனைச் சுறுசுறுப்பானவன் என்கிறார்கள். நான் தானாகக் கற்றுக்கொள்ள முயன்றால் அது குற்றம். மறுநாளே கேட்டிருக்கலாம்தான், ஆனால் அப்போதே "நேற்று முழுக்க என்ன செய்தாய்?" என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அது இருக்கட்டும். எனக்குச் சொல்லித்தர யாருமே இல்லை என்பதுதான் என் வருத்தம். ஒரு வேலையை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கலாம், எப்போது மேலே சொல்ல வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

"அது இருக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவைத்த வரியை எடுத்துக்கொண்டே பேச விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற வருத்தங்களெல்லாம் அதைச் சுற்றி நிற்பவைதான். முதல் நாள் உங்களைத் தடுத்தது தெரியாமையாக இருந்திருக்கலாம். இரண்டாம் நாளிலிருந்து தடுத்தது முதல் நாள்தான். கேள்வியோடு சேர்த்து, கேட்காமல் கழித்த நேரத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற அச்சம் வந்துவிட்டது. வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் மீட்டர் வட்டியைப் போல அந்தத் தொகையில் ஏறிக்கொண்டே போகும். 19-ஆம் தேதி நீங்கள் கேட்டதற்குக் காரணம் தைரியம் வந்தது அல்ல, மறுநாள் மாத வரியைக் கட்டும் GSTR-3B படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் என்பதுதான்.

இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் அக்காவின் பக்கம் நிற்கிறேன். எல்லார் முன்னாலும் பேசியது தவறு. ஆனால் அவர் கேட்டது "இதுகூடத் தெரியாதா?" என்பதல்ல, "முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்பது. முந்தைய கேள்வி உங்கள் அறிவைப் பற்றியது, பிந்தையது நாட்களைப் பற்றியது. நீங்கள் பிந்தையதைக் கேட்டு முந்தையதற்காக வருந்திக்கொண்டிருக்கிறீர்கள். உங்களோடு சேர்ந்த அந்தப் பையனுக்குக் கிடைக்கும் பாராட்டும் கேள்விகளின் தரத்துக்காக இல்லாமல் இருக்கலாம். அவன் கேட்கும் நேரத்தில் இன்னும் எதையாவது செய்ய இடமிருக்கிறது.

ஆலோசகராவதற்கு முன் சில காலம் நான் தணிக்கை அலுவலகமொன்றில் இருந்தவள் என்பதால், உங்கள் பில்லின் வழியாகவே இதைப் பார்க்கலாம். 14-ஆம் தேதி 2B வந்ததும் பில் அதில் இல்லை என்று கண்டீர்கள். அடுத்து GSTR-2A-வைப் பார்த்திருப்பீர்கள். 2B ஒருமுறை உருவாகிவிட்டால் சப்ளையர் பிறகு ஏற்றுவது அதில் வந்து சேராது, 2A-வோ அவர் ஏற்ற ஏற்ற மாறிக்கொண்டே இருக்கும். பில் 2A-வில் மட்டும் இருந்தால் அவர் தன் கடைசி நாளான 11-ஆம் தேதிக்குப் பிறகு தாக்கல் செய்திருக்கிறார், அடுத்த மாதம் வந்துவிடும் என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். இரண்டிலும் இல்லாமல், சப்ளையரும் ஏற்றிவிட்டதாக உறுதியாகச் சொன்னால், அது வேறு எங்கோ போயிருக்க வேண்டும். பதிவு எண்ணே இல்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாகக் காட்டியிருக்கலாம், அல்லது 33 என்று தொடங்கும் உங்கள் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணான GSTIN-க்குப் பதிலாக 29 என்று தொடங்கும் கர்நாடகக் கிளையின் எண்ணில் போட்டிருக்கலாம். புனேயிலிருந்து பார்த்தால் இரண்டுமே வெளிமாநிலம், இரண்டுக்கும் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டிதான். அதனால் அந்தத் தவறு அவர்கள் கண்ணில் படாது.

இதுவரையிலான வேலை உங்களுடையது, அதற்கு ஒரு முற்பகல் போதும். இதற்குப் பிறகு தேவைப்பட்டவை மூன்று: பெங்களூர் லாகின், சப்ளையரின் மேலாளரிடம் பேசக்கூடிய ஒருவரின் குரல், இந்த மாதம் அந்தத் தொகையை ரொக்கமாகக் கட்டுவது பற்றிய முடிவு. மூன்றில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை. லாகின் கொடுக்கப்படவில்லை என்பதை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை எல்லைக்கல்லாகப் பார்க்கிறேன். மிச்சமிருப்பது உங்களுக்குத் தெரியாத ஒன்றா, உங்களுக்கு அதிகாரம் இல்லாத ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாததைத் தேடிக் கற்கலாம், அதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. அதிகாரம் இல்லாததை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

எப்போதும் இவ்வளவு தெளிவாகப் பிரியாது என்பதும் உண்மை. அப்போது, கடைசியாகப் புதிதாக ஒன்று தெரியவந்தது எப்போது என்று பாருங்கள். அதே பட்டியலை மறுபடி வடிகட்டுவதும், அதே ஆளுக்கு மறுபடி போன் செய்து அதே பதிலை வாங்குவதும் உழைப்பாகவே தோன்றும், ஆனால் அவற்றால் எந்தச் சந்தேகமும் விலகுவதில்லை. அரை நாளாக ஒரு சந்தேகம்கூட விலகவில்லை என்றால், வேலை உங்களிடம் வெறுமனே இருக்கிறது என்று பொருள்.

முதலாளியின் கோபத்தையும் இப்படிப் பாருங்கள். தவறான GSTIN-ஐ சப்ளையர் தன் அடுத்த மாத விற்பனைப் படிவமான GSTR-1-இல்தான் திருத்த முடியும், அதன் பிறகே அந்த வரிக்கான வரவு உங்கள் 2B-க்கு வரும். ஆகவே 15-ஆம் தேதியே சொல்லியிருந்தாலும் இந்த மாதம் ₹1,08,000 கட்டித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வசூலிக்கவோ, புனேக்காரருக்குத் தர வேண்டியதில் வரித் தொகையை நிறுத்திவைக்கவோ அவருக்கு நாட்கள் இருந்திருக்கும். நீங்கள் அவருக்கு மிச்சம் வைத்தது ஒரே ஒரு நாளையும் கூலிப் பணத்தையும்தான்.

"நேற்று முழுக்க என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பதிலை நீங்கள் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை தேடும்போதே நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: "அக்கா, இந்த பில் 2B-யிலும் 2A-விலும் இல்லை. ஏற்றிவிட்டதாக சப்ளையர் சொல்கிறார். பெங்களூர் எண்ணில் போயிருக்கலாம் என்று சந்தேகம், பார்க்க எனக்கு லாகின் இல்லை. இல்லையென்றால் இந்த மாதம் ₹1,08,000 ரொக்கமாகக் கட்ட வேண்டிவரும், சாரிடம் இன்றே சொல்லிவிடலாமா?" இதில் நேற்றைய வேலை முழுவதும் இருக்கிறது, அவர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சங்கடமான ஒரு நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டிருந்தால், "நேற்றே சொல்லியிருக்க வேண்டும்" என்பதையும் நீங்களே முதல் வரியாகச் சேர்த்துவிடுங்கள், அவர் கேட்பதற்கு அந்தக் கேள்வி மிச்சமிருக்காது.

15-ஆம் தேதி இப்படிப் போய் நின்றும் அவர் முகம் மாறினால், அப்போது நாம் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். மறுபடி எழுதுங்கள்.