வளைகாப்பு அன்று மருமகள் எப்போது சாப்பிடலாம்?

கேள்வி: என் மருமகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. அடுத்த மாதம் சீமந்தமும் வளைகாப்பும் ஒரே நாளில் எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். முகூர்த்தம் காலை 9 முதல் 10.30. போன மாதம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்ததில் சர்க்கரை 152 வந்தது. மருந்து இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான். சாயங்காலம் ஆனால் பாதம் வீங்குகிறது. ஹோமம் முடிகிற வரை அவள் எதுவும் சாப்பிடக்கூடாது என்கிறார் என் மாமியார். ஐந்து வகைச் சாதம், நாற்பது சுமங்கலிகள் என்று ஏற்பாடு. யார் மனமும் கோணாமல் இதை எப்படி நடத்துவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

உங்கள் மருமகளுக்கு அன்றைக்குக் கெடுதல் செய்யக்கூடியது சர்க்கரைப் பொங்கல் மட்டும் இல்லை. காலையில் வெறும் வயிறு, பிற்பகலில் ஒரேயடியாக நிறைந்த வயிறு என்ற அந்த வரிசைதான் பெரிய சிக்கல். கர்ப்பிணியின் உடம்பு பட்டினியைச் சீக்கிரம் உணர்ந்துவிடும். மற்றவர்களைவிட வேகமாக ரத்தச் சர்க்கரை இறங்கி, உடம்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். தலைசுற்றலும் குமட்டலும் அதனால்தான். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவள் மறுநாள் பன்னிரண்டரைக்கு இலையில் உட்கார்ந்தால் பதினாறரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்தப் பசியில் அளவு பார்த்துச் சாப்பிட யாராலும் முடியாது.

ஆகவே காலை ஆறரைக்குள் அவள் சாப்பிட்டாக வேண்டும். இந்த விஷயத்தை மாமியாரிடம் நீங்கள் பேசாதீர்கள். வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பிணி பசியோடு உட்கார வேண்டாம், கொஞ்சம் ஆகாரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஆனால் "பால், பழம் சாப்பிடலாம்" என்று அனுமதி கிடைத்தால், பழத்தைக் கொஞ்சம் யோசித்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலை வேளையில்தான் இன்சுலின் மிக மெதுவாக வேலை செய்யும். இரண்டு வாழைப்பழமும் சர்க்கரை போட்ட பாலும் சேர்ந்தால் ஒன்பது மணிக்கு அளவு எகிறும். சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், கூட இரண்டு இட்லி என்றால் பதினோரு மணி வரை தாங்கும். தண்ணீருக்கு எந்தத் தடையும் வேண்டாம். சொம்பு அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது, அந்த நாற்பது சுமங்கலிகள். நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஒவ்வொருவரும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டு, ஒரு ஸ்பூன் இனிப்பு ஊட்டுவது வழக்கம். ஸ்பூனில் குவித்து எடுத்தால் பத்து கிராம் பிடிக்கும். நாற்பது பேர் ஊட்டினால் நானூறு கிராம். இலையில் ஒரே கரண்டியாக நானூறு கிராம் சர்க்கரைப் பொங்கலை யாராவது போட்டால் நீங்களே தடுத்துவிடுவீர்கள். ஸ்பூன் ஸ்பூனாகப் போவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இனிப்பை அவளுடைய அம்மாவும் நீங்களும் மட்டும் ஊட்டுங்கள். மற்றவர்கள் அட்சதை தூவி, வளையல் போட்டு, பூவோ பழமோ தட்டில் வைக்கட்டும். "இந்த வீட்டில் ஊட்டுவது இரண்டு அம்மாக்கள்தான்" என்று முதலிலேயே ஒருவர் சத்தமாகச் சொல்லிவிட்டால் போதும். வந்து நின்ற பிறகு மறுத்தால்தான் முகம் சுளிப்பார்கள்.

மதிய இலையில் ஐந்து சாதமும் இருக்கலாம். ஒவ்வொன்றும் இரண்டு மேசைக்கரண்டி, தலை தட்டிய அளவு. எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கிண்ணம் சாதம்தான் வரும். அதற்கு முன்னால் கறி, கூட்டு, சுண்டலை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். காய்கறியும் பருப்பும் முதலில் போனால் பின்னால் வரும் சாதத்தின் ஏற்றம் மெதுவாகும். பொங்கலையோ பாயசத்தையோ ஏதாவது ஒன்றை மட்டும், இரண்டு கரண்டி, கடைசியில் எடுத்துக்கொள்ளட்டும். சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் முற்றத்தில் நடக்கட்டும். அவளிடம் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 120-க்குள் இருக்க வேண்டும். ஒரு தடவை 135 காட்டினால் பதற வேண்டாம், அதற்காக ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தவும் வேண்டாம். எழுதி வைத்து அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் மருமகளுக்கு ஊசி இல்லை. இன்சுலின் போடுகிற வீடுகளில் சாப்பாடு தயாரான பிறகுதான், டாக்டர் சொன்ன நேரக் கணக்குப்படி ஊசி போட வேண்டும். ஊசி போட்டுவிட்டு "இன்னும் பத்து நிமிஷம்" என்று நிற்பதுதான் ஆபத்து.

இனி சமையல். அஞ்சு மணிக்கே பரிசாரகர் அண்டாவில் சாதம் வடித்து, ஏழு மணிக்குள் கலந்து மூடி வைத்துவிடுவார். இலை போடுவது பன்னிரண்டரைக்கு. அண்டாவின் நடுவில் இருக்கும் சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதிநீரிலும் சாகாத ஒருவகைக் கிருமியின் விதைகள் அரிசியிலேயே இருக்கின்றன. அவை முளைத்துப் பெருகுவதற்கு இந்தச் சூடுதான் தோது. அது விடுகிற நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. கலவைச் சாதம் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி என்பதற்குப் பின்னால் பல தடவை இதுதான் இருக்கும். கர்ப்பிணிக்கு வாந்தியும் பேதியும் வந்தால் நீர்ச்சத்து இறங்கும், வயிறு இறுக ஆரம்பிக்கும். ஐந்தில் சீக்கிரம் கெடுவது தேங்காய்ச் சாதம். புளியோதரை புளிப்பாலும் எண்ணெயாலும் கொஞ்சம் தாங்கும். தயிர் சாதத்தைக் காலையில் கலக்கவே வேண்டாம், இலை போடும்போது கலக்கச் சொல்லுங்கள். அவளுக்கு வேண்டிய சாதத்தைத் தனியாகப் பதினொன்றரைக்கு ஒரு குக்கரில் வைத்துக் கலப்பது மிச்ச எல்லா யோசனையையும்விட எளிது. ஒரு உழக்கு அரிசி போதும். வாசனை பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். கெட்டுப்போன வாடை வருவதற்கு முன்பே நஞ்சு இருக்கலாம்.

உட்காருவதைப் பற்றி. சம்மணம் போடுவதே தப்பு என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. அசையாமல் உட்காருவதுதான் தப்பு. எட்டாம் மாதத்தில் கருப்பை இடுப்பு ரத்தக்குழாய்களை அழுத்துகிறது, கால் ரத்தம் மேலே ஏறச் சிரமப்படுகிறது. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மையும் கூடுதல். ஒன்றரை மணி நேரம் மணையில் இருந்தால் வீக்கமும் மரத்துப்போவதும் நிச்சயம். மணையில்தான் உட்கார வேண்டுமென்றால் மேலே மடித்த ஜமக்காளம், பின்னால் சுவரோ தலையணையோ இருக்கட்டும். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும், பாத்ரூம் போகட்டும். அதற்கு "மேளம் முடிந்ததும்" என்று தள்ளிப்போடாதீர்கள், சிறுநீரை அடக்குவது தொற்றை வரவழைக்கும். உட்கார்ந்திருக்கும்போதே கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கலாம், புடவைக்குள் யாருக்கும் தெரியாது. வளைகாப்புக்கு மட்டும் முதுகு சாயும் நாற்காலியும் கால் வைக்க முக்காலியும் போதும். எழும்போது யாராவது ஒருவர் கை கொடுக்க வேண்டும். எழுந்ததும் நடக்காமல் ஒரு மூச்சு நிற்கட்டும்.

கலசத் தண்ணீரில் மந்திரம் ஜபிக்கும் உதகசாந்தி உண்டா? இருந்தால் அதைத்தான் முதலில் சுருக்க வேண்டும், அது மட்டுமே நெடுநேரம் பிடிக்கும். முந்தைய நாள் மாலையில் வைக்க முடியுமா, சங்கல்பத்துக்கும் கடைசியில் கலசத் தீர்த்தத்துக்கும் மட்டும் அவள் வந்தால் போதுமா என்று வாத்தியாரைக் கேளுங்கள். ஹோமத்தில் காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து அக்னியை நோக்கி வீசும்படி அவளை உட்கார வையுங்கள். புகை அவள் முகத்துக்கு வந்தால் மணையை நகர்த்துங்கள். ஏ.சி. போட்டுக் கதவை அடைத்த ஹாலில் அக்னி வளர்க்கவே கூடாது.

பும்சவனமும் சேர்த்து நடக்கும் வீடுகளில் ஆலமொட்டை அரைத்து, பட்டுத் துணியில் பிழிந்து அவளுடைய வலது மூக்கில் விடுவார்கள். மொட்டைக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் விட்டு அரைக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையிலேயே மூக்கின் ஓரத்தில் ஒரு சொட்டு தொட்டால் போதும். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். இந்த மாதத்தில் மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் முதுகுத் தண்டின் பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். சில நிமிஷத்தில் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரும். அப்படி ஆனால் சோடாவும் விசிறியும் தேடுவதற்கு முன்னால் அவளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும்.

வளையலுக்கு ஒரு வார்த்தை. பழைய அளவு இப்போது பொருந்தாது. 2-4 போட்டவளுக்கு 2-6 வாங்குங்கள். கட்டாயப்படுத்தி ஏற்றினால் கண்ணாடி உடைந்து கை கிழியும். விரலில் மோதிரம் இறுகியிருந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். மாலையில் விரல் வீங்கினால் கழற்றுவது பெரிய வேலை.

சாயங்காலம் பாதம் மட்டும் வீங்கி, படுத்து எழுந்ததும் வடிந்தால் அது இந்த மாதத்தின் இயல்பு. காலையிலேயே முகமும் கையும் வீங்கியிருந்தாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண்ணில் பூச்சி பறந்தாலோ, மேல்வயிற்றில் வலித்தாலோ அது ரத்த அழுத்தமாக இருக்கலாம். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் முகூர்த்தத்தைப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ரத்தக்கசிவு, தண்ணீர் போனது மாதிரி நனைவது, ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவைக்கு மேல் வயிறு இறுகித் தளர்வது, இவற்றிலும் காத்திருக்கக் கூடாது, 108 அழையுங்கள். குழந்தை வழக்கமாக அசைகிற நேரத்தில் அசையாவிட்டாலும் "கூட்டத்தில் கவனிக்கவில்லை" என்று விடக்கூடாது. இடது பக்கம் படுத்து கவனிக்கட்டும், அசைவு குறைவாகவே தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும்.

அன்றே தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் மறுநாள் காலைக்கு மாற்றுங்கள். காரில் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடை மேல் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும். சீர்த்தட்டு எண்ணும் அவசரத்தில் அவளுடைய தாய் சேய் அட்டையும் சர்க்கரைக் குறிப்பும் அலமாரியில் தங்கிவிடும். முதல் நாளே அவற்றை அவள் கைப்பையில் வைத்துவிடுங்கள்.