கேள்வி பதில்: லாரி ஸ்லைடுகள் ஜெர்மனிக்குப் போகும்போது

அக்கா, எங்கள் லாரி கண்காணிப்பு மென்பொருள் ஸ்லைடில் ‘மைலேஜ் 4-லிருந்து 5 ஆனது, 25% உயர்வு’ என்று இருக்கிறது. ஜெர்மனி வாடிக்கையாளருக்கு யூனிட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது தம்பி. அங்கே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்றுதான் கணக்கு. 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25 லிட்டர், 5-ஆல் வகுத்தால் 20. குறைந்தது 20%தான். பழைய 25%-ஐ அப்படியே விட்டுவைத்தால் முன்வரிசையில் யாராவது மனக்கணக்கிலேயே பிடித்துவிடுவார்கள். உங்கள் வரைபடத்தில் கோடு ஏறினால் நல்லது, அவர்களுக்கு இறங்கினால் நல்லது. அதனால் பச்சை அம்பையும் தலைப்பில் உள்ள ‘உயர்வு’ என்ற சொல்லையும் மாற்ற வேண்டும்.

அடுத்து சேமிப்பு. மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் லாரி 2,500 லிட்டருக்குப் பதில் 2,000 லிட்டர் குடிக்கும். அந்த 500 லிட்டர் எந்த ஊருக்கும் பொருந்தும், ரூபாய்த் தொகை பொருந்தாது. அதை யூரோவாக மாற்றாதீர்கள். 500-ஐ அவர்கள் ஊர் டீசல் விலையால் பெருக்குங்கள்.

படமாக ஒட்டிய சார்ட்டுக்குள் பழைய எண் அப்படியே இருக்கும். ‘தேடி மாற்று’ அதைத் தொடாது.

நான் 10 போட்டுப் பார்த்தேன், இரண்டு முறையிலும் 10தான் வந்தது. அப்போது எல்லாம் ஒன்றுதானே?

10-க்கு மட்டும். 8 போட்டுப் பாருங்கள், 12.5 வரும்.

எங்களுக்கு அமெரிக்கா. அங்கேயும் தலைகீழா?

இல்லை. கேலனுக்கு எத்தனை மைல் என்பதால் ஏறுவதுதான் நல்லது, 25%-உம் நிற்கும். மைலேஜ் எண்ணை மட்டும் 2.35-ஆல் பெருக்குங்கள்.

லட்சம், கோடியை எப்படி எழுதுவது?

4.5 கோடி, அதாவது 450 லட்சம் என்றால் 45 மில்லியன். நூறு கோடியில்தான் ஆபத்து. ஆங்கிலத்தில் அது ஒரு பில்லியன், ஜெர்மனில் ‘பில்லியன்’ என்றால் லட்சம் கோடி. நம் நூறு கோடிக்கு அவர்கள் ‘மில்லியார்டே’ என்பார்கள். ஸ்லைடு ஜெர்மனில் என்றால் கமாவும் புள்ளியும் இடம் மாறும். 2,500 லிட்டர் அங்கே இரண்டரை லிட்டர்! படமாக ஒட்டிய சார்ட்டையும் பாருங்கள்.

‘கடைசி ஓவரில் 12 ரன்’ உவமையைக் கால்பந்தாக மாற்றலாமா, மேடம்?

எடுத்தே விடுங்கள். தெரியாத ஆட்டத்தை வைத்து உவமை சொன்னால் சொன்னவருக்கே அது தெரியாது என்பது வெளியே வந்துவிடும்.

எனக்கு உடன்பாடில்லை. நான் கிரிக்கெட்டை அப்படியே காட்டினேன். அவர்களே ஆர்வமாகக் கேட்டார்கள்.

எதைப் பற்றிக் கேட்டார்கள், மென்பொருளைப் பற்றியா?

எல்பிடபிள்யூ பற்றி. பத்து நிமிடம் போனது. ஆனால் ஆர்டர் கிடைத்தது!

ஆர்டர் எல்பிடபிள்யூவால் கிடைத்தது என்கிறீர்களா? சரி, அந்தப் பத்து நிமிடத்தில் எந்த ஸ்லைடை விட்டீர்கள்?

விலை ஸ்லைடை.

அதனாலும் கிடைத்திருக்கலாம்.

லட்சத்தை மில்லியனாக்குவது எப்படி?

மேலே இருக்கிறது.

‘முதல் காலாண்டு’ என்று விடலாமா?

வேண்டாம். நமக்கு ஏப்ரல் முதல் ஜூன், அங்கே பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச். மாதப் பெயரை எழுதுங்கள். படமாக ஒட்டிய சார்ட்டிலும்தான்.

கோடியை...

மேலே!