அட்டையில் 55 மாதம் என்று இருந்தால் உண்மையில் எத்தனை மாதம்?

கேள்வி: ஆல்டோ வைத்திருக்கிறேன், பேட்டரி போய்விட்டது. ஈரோட்டில் ஒரு கடையில் 36 மாத வாரண்டி ஒன்றும் 55 மாத வாரண்டி ஒன்றும் காட்டுகிறார்கள். 35 ஏ.எச். எதற்கு, 45 போடுங்கள் என்றும் சொல்கிறார்கள். வீட்டு ஸ்கூட்டருக்கும் ஒன்று வாங்கணும். எதைப் பார்த்து எடுப்பது?

35 ஏ.எச். கொள்ளளவே போதும். இரண்டில் எது என்பதை, அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 36, 55 என்ற எண்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேட்டரி தயாரான தேதியையும், அந்த 55-க்குள் இலவசமாக மாற்றித் தருவது எத்தனை மாதம் என்பதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருப்பூரில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன், பேட்டரியும் விற்கிறேன். வருகிறவர்கள் முதலில் விலை கேட்பார்கள், அப்புறம் "எத்தனை மாசம் வாரண்டிங்க?" என்பார்கள். தேதியைக் கேட்பவர் அபூர்வம்.

போன வருடம் காங்கேயம் பக்கத்திலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். தோப்பு வைத்திருக்கிறார். கார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் விசேஷத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும். "ஏனுங்க தம்பி, வாங்கி ஏழு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள படுத்துருச்சு. வாங்குன கடையில சார்ஜ் போட்டுக் குடுத்துட்டு நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க" என்றார். ஜூன் மாதம் பில் போட்ட 35 ஏ.எச். பேட்டரி, 18 மாதம் இலவச மாற்று. என்னிடம் வந்தது ஜனவரியில். மேல் மூடியில் அச்சடித்திருந்த குறியைப் பார்த்தால் முந்தைய அக்டோபரில் தயாரானது. அதாவது விற்பதற்கு முன்பே எட்டு மாதம் எங்கேயோ சும்மா கிடந்திருக்கிறது. அதில் மார்ச், ஏப்ரல், மே மூன்றும் அடக்கம்.

சும்மா கிடக்கும் பேட்டரி சும்மா இருப்பதில்லை. லெட் ஆசிட் பேட்டரி யாரும் தொடாமலே மாதாமாதம் கொஞ்சம் சார்ஜை இழந்துகொண்டே இருக்கும். வெயில் கூடக்கூட அந்த இழப்பு வேகமாகும். பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் நம் கரூர், ஈரோடு பக்கம் தகர ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் போட்டால் வோல்டேஜ் ஏறும், ஆனால் இழந்த கொள்ளளவு முழுதாகத் திரும்பாது. கடையில் "நல்லாத்தான் இருக்குது" என்று சொன்னது இப்படித்தான். மீட்டரில் வோல்டேஜை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அவர் பேட்டரி வந்தபோது 12.05 வோல்ட் காட்டியது. ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டு, கழற்றி, சில மணி நேரம் ஆற விட்டுப் பார்த்தேன். 12.5. பார்வைக்குக் குறை ஒன்றும் இல்லை. காரில் மாட்டி, மீட்டரை டெர்மினலில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 8.9-க்கு விழுந்தது. முழுச் சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி நம் ஊர் வெயிலில் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, லோடு டெஸ்ட் போடச் சொல்லிக் கேளுங்கள் என்று அனுப்பினேன். கம்பெனி ஆள் வந்து டெஸ்ட் போட்டு மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் புது பேட்டரிக்குப் புது வாரண்டி கிடையாது. 18 மாதத்தில் ஏழு போக மீதி 11 மாதம்தான் இலவசக் கணக்கு ஓடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே கடையில் நீங்கள் செய்ய வேண்டியது இது. பேட்டரியை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மூடியிலோ பக்கவாட்டிலோ ஒரு குறி அச்சாகியிருக்கும். சிலவற்றில் மாதமும் வருடமும் நேரடியாகவே இருக்கும். சில கம்பெனிகள் மாதத்துக்கு ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று ஆங்கில எழுத்தும், அதை ஒட்டி வருட எண்ணும் போடுவார்கள். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும் என்பதால் நீங்களாக ஊகிக்க வேண்டாம். கடைக்காரரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அந்த மாதத்தைப் பில்லில் எழுதித் தரக் கேளுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள் என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆறு மாதத்தைத் தாண்டியதை, நடுவில் சார்ஜ் போட்டு வைத்திருந்தோம் என்று சொன்னாலும் நான் எடுக்க மாட்டேன், விலையைக் குறைத்தாலும் சரி.

மாட்டுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள். 12.2-க்குக் கீழே என்றால் வேண்டாம். அப்போதுதான் சார்ஜரிலிருந்து எடுத்ததாக இருந்தால் 13 வரைக்கும் பொய்யாகக் காட்டும். காரில் மாட்டி ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளந்தால் நிஜ எண் தெரியும்.

இனி வாரண்டி. 55 மாதம் என்று போட்டிருப்பதைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் 30 + 25 என்பது போல இருக்கும். முதல் 30 மாதம் பழுதானால் இலவச மாற்று. அடுத்த 25 மாதம் புதியது வாங்கும்போது தள்ளுபடி மட்டும்தான், அதுவும் மாதம் ஏற ஏறக் குறையும். அந்தத் தள்ளுபடி எதன் மேல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எம்.ஆர்.பி. மேல். ஆனால் பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு வாங்கும் யாரும் எம்.ஆர்.பி. கொடுத்து வாங்குவதில்லை. ஒரு கணக்குக்கு, எம்.ஆர்.பி. 5,500 ரூபாய், பழையதைக் கொடுத்தால் கடையில் 4,200 என்று வைத்துக்கொள்வோம். 40-வது மாதத்தில் பேட்டரி போகிறது, அட்டைப்படி 25 சதவீதத் தள்ளுபடி. 5,500-ல் 25 சதவீதம் போனால் 4,125. வாரண்டியே இல்லாமல் நேராகக் கடைக்குப் போயிருந்தால் 4,200. ஆக, பின்பாதி 25 மாதத்தின் மதிப்பு 75 ரூபாய், அதற்காகக் கம்பெனி டெஸ்ட் முடியும் வரை இரண்டு மூன்று நாள் காத்திருப்பு வேறு.

அதனால் இலவச மாதத்தை மட்டும் எண்ணுங்கள். இதே கணக்கில் 36 மாதப் பேட்டரி 18 + 18, விலை 3,600 என்றால், ஓர் இலவச மாதத்துக்கு 200 ரூபாய் விழுகிறது. 55 மாதப் பேட்டரி 4,200 ரூபாய்க்கு 30 மாதம், அதாவது மாதத்துக்கு 140. இந்த விலைகளில் 55 மாதம்தான் லாபம். உங்கள் கடையில் சொல்லும் விலைகளை இதே மாதிரி வகுத்துப் பாருங்கள், சில சமயம் முடிவு திரும்பிப் போகும்.

அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான். லைட்டை அணைக்காமல் விட்டு இறங்கிப்போனதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சார்ஜ் போட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். வண்டிக்குச் சொல்லப்பட்டதைவிடச் சின்ன கொள்ளளவு மாட்டினாலோ, டாக்சியாக ஓட்டினாலோ, வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினாலோ கேள்வி வரும். பில்லில் 'பேட்டரி 1' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். மூடியில் இருக்கும் சீரியல் எண்ணும் அட்டையில் இருப்பதும் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று எண் எண்ணாகச் சரிபாருங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் இரண்டு வருடம் கழித்து உங்களால் நிரூபிக்க முடியாது.

45 போடுவதைப் பற்றி. 35 ஏ.எச். என்றால் 1.75 ஆம்பியர் எடுத்தால் 20 மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். என்ஜினைச் சுற்றும் வலு வேறு கணக்கு, அதற்கு உங்கள் ஆல்டோவுக்கு 35 தாராளம். பெரியது போட்டால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவதில் உண்மை இல்லை. ஆனால் தட்டில் உட்காராது, கிளாம்ப் சரியாகப் பிடிக்காது, ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே தகடு உதிரும். வண்டி நிற்கும்போதும் கடிகாரம், அலாரம் என்று சுமார் 30 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால் ஒரு நாளுக்கு 0.72 ஏ.எச். குறையும். 35-ல் பாதி தீர 24 நாள், 45-ல் 31 நாள். மாதக்கணக்கில் வண்டியை எடுக்காதவருக்கு அந்த ஒரு வாரம் கூடுதலால் என்ன பயன்? மைனஸ் ஒயரைக் கழற்றி வைப்பது அதைவிட மேல். இன்னொன்று, லேபிளில் 38பி20எல் என்று இருந்தால் 38 ஏ.எச். என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 38 திறனுக்கான தரவரிசை எண், 20 நீளம் சென்டிமீட்டரில், கடைசி எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. அது மாறினால் ஒயர் எட்டாது. பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பழையது ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்ட வேண்டாம். வண்டி ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றாலோ 15-ஐத் தொட்டாலோ முதலில் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும், கம்பெனிக்காரர்களும் அதைக் காட்டி வாரண்டியை மறுப்பார்கள்.

ஸ்கூட்டருக்கு பழையதில் என்ன ஏ.எச். போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். சீல் செய்தே வருவது என்றால் காருக்குச் சொன்ன தேதிக் கணக்கு அப்படியே பொருந்தும். ஆசிட் தனியாக வந்து கடையில் ஊற்றுவது என்றால், ஊற்றிய கையோடு மாட்டித் தந்துவிடுவார்கள். அப்போது அது முழுதாக நிறைந்திருக்காது, முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான் இருக்கும். 5 ஏ.எச். பேட்டரி என்றால் அரை ஆம்பியரில் சில மணி நேரம் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள். காலையில் கொடுத்துவிட்டு, சந்தை வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம்.