தவறான விடைகள் எங்கிருந்து கிடைக்கும்?

"ஒன்பதாம் வகுப்புப் பாய்மங்கள் பாடத்துக்குக் கொள்குறி வினா எழுதுகிறேன். தவறான விடைகளைப் பிள்ளைகள் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள். என்ன செய்ய?"

டீச்சர், தவறான விடைகளை நீங்கள் யோசிக்காதீர்கள், பிள்ளைகளிடமே வாங்குங்கள். முதலில் விடைகள் தராமல் கேள்வியை மட்டும் கேட்டு, காரணத்தோடு துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நான் கேட்டது இது: தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் ஒரு வள்ளம் கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்து மிதக்கிறது. அதன் மீது மிதப்பு விசை என்ன ஆகும்?

சரியான விடை 'மாறாது'. மிதக்கும் வள்ளத்தின் எடையும் மிதப்பு விசையும் எப்போதும் சமம்.

'குறையும்' என்றவர்கள் ஆற்றுநீரின் அடர்த்தி குறைவு என்பதோடு நின்றுவிட்டார்கள். வள்ளம் கூடுதலாக அமிழ்வதை மறந்தார்கள். 'கூடும்' என்றவர்களுக்கு அமிழ்வது தெரிந்தது, அடர்த்தி மறந்துபோனது. இரண்டும் பாதிச் சரி, அதனால்தான் இழுக்கின்றன. 'ஆழத்தைப் பொறுத்தது' என்றவர்கள் அழுத்தத்தோடு குழப்பிக்கொண்டார்கள். இந்தக் காரணங்களை விடைக்குறிப்பில் அந்தந்த விடைக்கு நேரே எழுதிவிடுங்கள். திருத்தும்போது 'குறையும்' என்ற பிள்ளைக்குக் கணக்கைக் காட்டலாம்: 1,000 கிலோ வள்ளம் கடலில் (அடர்த்தி 1,025) சுமார் 0.976 கனமீட்டர் நீரை விலக்கும், ஆற்றில் 1 கனமீட்டர். விலகிய நீரின் நிறை இரண்டிலும் 1,000 கிலோதான்.

அப்புறம், ஒருவரும் தொடாத விடையை அடுத்த முறை மாற்றுங்கள். நன்றாகப் படிக்கிறவர்களே ஒரே தவறான விடையில் குவிந்தால், கேள்வியின் வாசகத்தைச் சந்தேகப்படுங்கள். 'மிதக்கிறது' என்ற சொல்லை நான் முதலில் விட்டுவிட்டேன், வள்ளம் மூழ்கிவிட்டதாக நினைத்து ஒருத்தி 'குறையும்' என்று எழுதியிருந்தாள். அவள் சொன்னதும் சரிதான்.